சொல்லும் ஊரும் – 9: கோயிலை விட்டுப் போன அரசன், சேரிக்கு வந்த பழி

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை ஒரு விடியற்காலையில் தொடங்குகிறது. கோவலன் இன்னும் மதிலுக்குள் நுழையவில்லை. ஊருக்குள் எங்கெங்கே சங்கும் காலை முரசும் ஒலிக்கின்றன என்று இளங்கோ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நெற்றிக்கண் உடைய சிவனுக்கு ஓரிடம், கருடக்கொடி உயர்த்திய திருமாலுக்கு ஓரிடம், கலப்பை ஏந்திய பலராமனுக்கு ஓரிடம், சேவற்கொடி முருகனுக்கு ஓரிடம், அறவோருக்கு ஓரிடம், கடைசியாகப் பாண்டிய மன்னனுக்கு ஓரிடம். ஆறு இடங்களுக்கும் அவர் பெயர் வைத்திருக்கும் முறைதான் நமக்கு வேண்டியது. சிவனுடையது கோயில். திருமாலுடையது நியமம். பலராமனுடையது நகரம். முருகனுடையது கோட்டம். அறவோருடையது பள்ளி. மன்னனுடையது மறுபடியும் கோயில். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய மதுரையில் வழி கேட்டால் என்ன ஆகும்? கோயில் என்றால் மீனாட்சியம்மன் கோயிலைக் காட்டுவார்கள். நகரம் என்றால் முழு ஊரும்தான். கோட்டம் என்றால் ரயில்வேயின் மதுரைக் கோட்டம், அல்லது மின்வாரியத்தின் ஏதோ ஒரு அலுவலகம். பள்ளி என்றால் பிள்ளைகள் படிக்கும் இடம். நியமம் என்று கேட்டால் வழிபாட்டு ஒழுங்கைப் பற்றி யாராவது பெரியவர் பேசத் தொடங்கலாம். ஐந்து சொற்களில் ஒன்றுதான் தெய்வத்தோடு தங்கியது. அதுவும் அரசனைக் கைவிட்ட பிறகு.

சொற்பொருள் மாற்றத்தைப் பாடநூல்கள் நான்கு பெட்டிகளில் போட்டு விளக்கும். பொருள் சுருங்குவது, விரிவது, உயர்வது, இழிவது. பெட்டிகள் பிழையானவை அல்ல. ஆனால் என்ன நடந்தது என்பதைச் சொல்வதோடு அவை நின்றுவிடும், ஏன் நடந்தது என்பதைச் சொல்லாது. இந்தப் பகுதியில் நான் நிறுவ முயல்வது ஒன்றுதான்: எந்தச் சொல்லும் தனியாக நின்று பொருள் மாறுவதில்லை. ஒரே பொருட்புலத்தில் வாழும் சொற்கள் அந்த நிலத்தைத் தமக்குள் மறுபங்கீடு செய்துகொள்கின்றன. ஒன்று பெறும்போது இன்னொன்று இழக்கிறது. அந்தப் பங்கீடு எப்போது நடந்தது என்பதற்கு மொழியிலேயே ஒரு தடயம் கிடக்கிறது. சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் அடைமொழிதான் அது. அடைமொழி எப்போது வந்தது, எப்போது விழுந்தது என்று பார்த்தால் பொருள் நகர்ந்த பாதையைப் பெரும்பாலும் வரைந்துவிடலாம்.

கோயிலில் இருந்தே தொடங்குவோம். கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. பெயரின்படி முதல் உரிமை அரசனுக்கு. சிலம்பில் கண்ணகி நீதி கேட்டுப் போய் நின்றது பாண்டியன் கோயிலின் வாயிலில். தெய்வத்தை அரசனாகப் பார்க்கும் பார்வை வலுத்தபோது தெய்வத்தின் வீடும் கோயில் ஆயிற்று. இதுவரை நடந்தது விரிவுதான், ஒரு சொல் இரண்டு வீடுகளுக்கும் பொது. இந்த இரட்டை வாழ்க்கை நாம் நினைப்பதைவிட நீண்டது. சோழர் கல்வெட்டுகளில் அரசன் ஆணையிட்ட இடத்தைக் குறிக்கும்போது இன்ன ஊரில் உள்ள கோயிலின் உள்ளால் இருந்து என்று எழுதும் வழக்கு 11ஆம் நூற்றாண்டிலும் உண்டு. அங்கே கோயில் என்பது அரண்மனையே. அதே கல்வெட்டுகள் தெய்வத்தின் வீட்டைச் சொல்ல நேர்ந்தால் தளி, கற்றளி, ஈசுவரம் என்று எழுதும், அல்லது கோயிலுக்கு முன்னால் ஸ்ரீ சேர்த்தும் திரு சேர்த்தும் எழுதும். அடைமொழி வேலை செய்வது இங்கேதான். இரண்டு வீடுகளுக்கும் ஒரே பெயர் இருந்தபோது, எது தெய்வத்துடையது என்று காட்ட ஒரு குறி வேண்டியிருந்தது. பிறகு அரசன் வீட்டுக்கு அரண்மனை என்ற பெயர் பரவியது. மதுரையில் திருமலை நாயக்கர் 1636இல் கட்டியதை நாம் மகால் என்கிறோம். குழப்பம் தீர்ந்ததும் குறிக்கு வேலை இல்லாமல் போனது. பேச்சில் வெறும் கோயில் என்றாலே போதும். திரு என்பது இப்போது அறநிலையத் துறையின் பெயர்ப்பலகையில் மரியாதைக்காக நிற்கிறது, பொருளைப் பிரித்துக் காட்டுவதற்காக அல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரலாம். இளங்கோ கவிஞர், கூறியது கூறாமல் தவிர்க்க ஐந்து சொற்களை மாற்றி மாற்றிப் போட்டிருப்பார், அதை வைத்து ஊர் வழக்கைக் கணக்கிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் திரும்பச் சொல்வதைத் தவிர்ப்பதுதான் அவர் நோக்கம் என்றால், பட்டியலின் தொடக்கத்திலும் முடிவிலும் கோயில் என்ற ஒரே சொல்லை அவர் வைத்திருக்க மாட்டார். சிவன் கோயிலில் தொடங்கி மன்னன் கோயிலில் முடிப்பது தெரிந்து செய்த அமைப்பு. அப்படியே நடுவில் உள்ளவை அழகுக்காக மாற்றிப் போட்ட சொற்கள்தான் என்று வைத்துக்கொண்டாலும், அவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடிந்தது என்பதே என் வாதத்துக்குப் போதும். ஒரு காலத்தில் மாற்றிப் போடக்கூடியவையாக இருந்த சொற்கள் இன்று அப்படி இல்லை. மீனாட்சியம்மன் நகரம் என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ புதிய மனைப்பிரிவு விற்பனைக்கு வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

மற்ற சொற்களில் நியமத்தை விரைவாகக் கடக்கலாம். மதுரைக்காஞ்சி அந்தச் சொல்லைக் கடைத்தெருவுக்குப் பயன்படுத்துகிறது. மதுரைக்கு வடகிழக்கே உள்ள மாங்குளத்துத் தமிழி கல்வெட்டில் வரும் வணிகக் குழுவான நிகமத்தோடு இதற்குத் தொடர்பு சொல்வார்கள். சந்தை, கடை, அங்காடி ஆகியவை அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. ஒழுங்கு என்ற பொருள் கொண்ட வடசொல் அதே ஒலியில் வந்து உட்கார்ந்ததும் பழைய நியமத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. நகரம் வேறு வழியில் போனது. பெரிய வீடு, தெய்வத்தின் வீடு என்ற பொருள்களில் இருந்து இடைக்காலக் கல்வெட்டுகளில் அது வணிகர் அவை ஆகிறது. ஊர், சபை, நாடு என்பவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் ஓர் ஆட்சி அமைப்பு அது. மதுரைக்குக் கிழக்கே செட்டிநாட்டில் நகரத்தார் என்ற பெயரில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கோட்டம் தொண்டை நாட்டில் நிலப்பிரிவு ஆகி, அந்த வழியாக இன்றைய அலுவலகப் பிரிவாகவும் ஆகியிருக்கிறது. 1976இல் சென்னையில் வள்ளுவர் கோட்டம் எழுப்பியவர்கள் பழைய பொருளை மீட்க முயன்றார்கள். கட்டடத்தின் பெயராக அது நின்றது, பொதுச் சொல்லாகத் திரும்பவில்லை.

பள்ளி மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். மாங்குளத்துக் குகைகளில் கி.மு. காலத்திலேயே துறவியருக்கு வெட்டிக் கொடுத்த இருப்பிடத்தைப் பள்ளி என்று பொறித்திருக்கிறார்கள். கற்படுக்கைகளை இன்றும் அங்கே பார்க்கலாம். படுப்பதும் தங்குவதும் இந்தச் சொல்லின் அடியில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கீழக்குயில்குடிச் சமணர் மலையில் உள்ள 9, 10ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பெரும்பள்ளியின் மாணாக்கர்களைக் குறிப்பிடுகின்றன. தங்குமிடம் கல்வி நிலையமாகவும் ஆகிவிட்டது. சமணப் பள்ளிகள் மறைந்த பிறகு இந்தச் சொல்லை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டார்கள். படுக்கைப் பொருளை மீனாட்சியம்மன் கோயில் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு இரவும் சொக்கர் பல்லக்கில் போய்ச் சேருவது பள்ளியறைக்கு. கல்விப் பொருளைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. வழிபாட்டிடம் என்ற பொருள் இசுலாமியரிடம் போய்ப் பள்ளிவாசல் ஆயிற்று. மதுரையில் காஜிமார் தெருப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அதைப் பள்ளி என்றே சொல்லுவார்கள்.

வழிபாட்டிடப் பங்கு ஏன் பள்ளிக்குப் போனது என்பதற்கு விடை கோயிலில் இருக்கிறது. சைவமும் வைணவமும் கோயிலைத் தமக்கென்று எடுத்துக்கொண்டபோது, அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த சமயங்களுக்கு மிஞ்சியது பள்ளி. சமணருக்கும் பௌத்தருக்கும் வழங்கிய பெயரே பின்னால் வந்தவர்களுக்கும் நீண்டது. இது என் ஊகம் மட்டும் அல்ல என்பதற்கு மலையைத் தாண்டிக் கேரளத்தைப் பார்த்தால் போதும். அங்கே மசூதியும் பள்ளி, கிறித்தவ ஆலயமும் பள்ளி, யூதர்களின் தொழுகைக்கூடமும் பள்ளி. பாண்டிய நாட்டிலோ கிறித்தவர்கள் மாதா கோயில் என்றார்கள். ஒரே வேர்ச்சொல், ஒரே சமயம், பக்கத்துப் பக்கத்து நிலங்கள். ஆனாலும் பங்கீடு வேறு. பொருள் சொல்லுக்குள்ளேயே விதைபோல இருந்து முளைப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே செடி முளைத்திருக்க வேண்டும்.

விரிவுக்கு இதைவிட எளிய சான்று அடுக்களையில் இருக்கிறது. பழைய வழக்கில் நெய் என்றால் பொதுவாகக் கொழுப்பு, விலங்கில் இருந்து வந்தாலும் விதையில் இருந்து வந்தாலும். எள்ளில் இருந்து எடுத்த நெய் எண்ணெய். அங்கே எள் என்பது அடைமொழி. வானம் பார்த்த நிலத்தில் எள்ளே பெருவழக்காகச் செக்கில் ஏறியது. அதனால் எண்ணெய் என்றாலே அது எள்ளுடையதுதான் என்ற நிலை வந்தது, எள் என்ற அடையின் நினைவு மங்கியது. அதன் பிறகு வேறு வித்துகளில் எடுத்ததற்கும் எண்ணெய் என்ற பெயர் தாராளமாகப் பொருந்தியது. எண்ணெய் விரிந்த அளவுக்கு நெய் சுருங்கி, வெண்ணெய் உருக்கியதோடு நின்றது. விளைவு வேடிக்கையானது. எள்ளின் பெயரையே தாங்கிய எண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று புதிய அடைமொழி தேவைப்பட்டது. நிலத்தடியில் இருந்து வந்த எரிபொருளோ மண்ணெண்ணெய் ஆயிற்று. பெயரின்படி பார்த்தால் மண்ணில் விளைந்த எள்ளின் கொழுப்பு! ஐரோப்பாவிலும் இதே கதைதான் நடந்தது. ஆங்கிலத்தின் ஆயில் என்ற சொல் ஒலிவக் காயின் பெயரில் இருந்து இலத்தீன் வழியாக வந்தது. மத்தியதரைக் கடற்கரையில் ஒலிவம் செய்ததை இங்கே எள் செய்திருக்கிறது.

இதுவரை பார்த்தவற்றில் யாருக்கும் காயம் இல்லை. இழிவு என்று வரும்போதுதான் வாதம் கடினமாகிறது, ஏனென்றால் அங்கே சொல்லின் பின்னால் மனிதர்கள் நிற்கிறார்கள். ஊர்காண் காதைக்கு முந்தைய காதையின் பெயர் புறஞ்சேரி இறுத்த காதை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரையின் மதிலுக்கு வெளியே போய்த் தங்கிய இடம் அந்தப் புறஞ்சேரி. அறம் புரிகிறவர்கள் அன்றி வேறு யாரும் சேராத இடம் என்ற பொருளில் இளங்கோ அதைச் சிறப்பித்துச் சொல்கிறார். இன்றைய காதோடு அந்தத் தலைப்பைப் படிப்பவர், வணிகன் மகனும் மருமகளும் ஏழைகளின் ஒதுக்குப்புறத்தில் தஞ்சம் புகுந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடும். காப்பியம் சொல்வது அது அல்ல. சேர்ந்து வாழும் இடம் சேரி, அவ்வளவுதான். யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சொல் தானாகச் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததைக் கல்வெட்டுகள் படிப்படியாகக் காட்டுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறைக்காகப் பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தைப் பிரித்துக் காட்டும்போது 12 சேரிகளைச் சொல்கின்றன. பிராமணர் குடியிருப்பும் சேரிதான். ஒரு நூற்றாண்டு கழித்து, தஞ்சைப் பெரிய கோயிலில் ராசராசன் குடியமர்த்திய 400 தளிப்பெண்டுகளின் தெருக்கள் தளிச்சேரி. அதே கோயிலின் நிலக்கணக்குகளில் வரி நீக்கிய இடங்களைப் பட்டியலிடும்போது கம்மாணச்சேரி வருகிறது, ஈழச்சேரி வருகிறது, பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி என்ற பெயரும் வந்துவிடுகிறது. இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். தீண்டாமை என்ற கொடுமை அங்கே இருக்கிறது, ஆனால் அது இன்னும் அடைமொழியில்தான் இருக்கிறது, சேரி என்ற சொல்லுக்குள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் தீண்டா என்று முன்னால் சேர்க்கத் தேவையே இருந்திருக்காது.

பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேரி என்ற பெயரை விட்டுப் போனார்கள். பிராமணர் குடியிருப்பு அக்ரகாரம் ஆயிற்று. கைவினைஞரும் வணிகரும் வாழ்ந்த இடங்கள் தெருவும் வீதியும் ஆயின. மதுரையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று வளையம் வளையமாக வீதிகள், அவற்றுக்கு இடையில் தொழிலின் பெயரும் சாதியின் பெயரும் தாங்கிய தெருக்கள். பெயரை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் இல்லாதவர்கள் மட்டும் பழைய பெயரோடு விடப்பட்டார்கள். அப்போது அடைமொழியும் தேவையற்றதாகி விழுந்தது. வெறும் சேரி என்றாலே யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நடந்தது முதலில் சுருக்கம். அந்தச் சுருக்கத்துக்குள் யார் மிஞ்சினார்களோ அவர்கள்மீது ஊர் சுமத்திய இழிவு அடுத்தபடியாகச் சொல்லுக்கு வந்தது. கோயிலில் அடைமொழி விழுந்தபோது எஞ்சியவர் தெய்வம், சேரியில் அடைமொழி விழுந்தபோது எஞ்சியவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள். இலக்கணப்படி இரண்டும் ஒரே நிகழ்ச்சி. ஒன்றை உயர்வு என்றும் மற்றொன்றை இழிவு என்றும் நாம் வகைப்படுத்துவதற்குக் காரணம் மொழியில் இல்லை. ஊர்ப்பெயர்களாக உறைந்துபோன இடங்களில் சேரி கெடாமலே நிற்பதும் இதைக் காட்டும். புதுச்சேரியிலோ வேளச்சேரியிலோ வாழ்வதற்கு யாரும் கூச்சப்படுவதில்லை.

சொற்கள் தாமாகவே நைந்து தாழ்ந்துவிடும், எந்தக் காசும் புழங்கப் புழங்கத் தேய்வதுபோல என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் ஒரே சொல் ஒரே காலத்தில் ஒரே ஊரில் இரண்டு மதிப்போடு இருக்க முடியாது. காலனி என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தின் வழியாக வந்தது, இலத்தீனில் அதன் மூலப்பொருள் குடியேறிய உழவர் நிலம். சேரி என்ற சொல்லின் காயத்தைத் தவிர்க்க 20ஆம் நூற்றாண்டில் பட்டியல் சாதியினருக்கு அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புகள் காலனி என்று அழைக்கப்பட்டன. சில பத்தாண்டுகளிலேயே கிராமப்புறத்தில் காலனி என்பது சேரி செய்த வேலையைச் செய்யத் தொடங்கியது. காலனிக்காரன் என்பது வசையாயிற்று. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்தும் பொது வழக்கில் இருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அதே காலத்தில் மதுரை எஸ்.எஸ். காலனியில் வீடு வைத்திருப்பவர் அந்த முகவரியைப் பெருமையாகவே சொல்லிவந்தார். ரயில்வே காலனிக்கும் குறை ஒன்றும் இல்லை. காசு தேய்ந்தால் எல்லார் கையிலும் ஒரே மாதிரி அல்லவா தேய வேண்டும்? எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. எஸ்.எஸ். என்ற முன்னொட்டு உள்ள இடத்தில் ஒரு மதிப்பு. முன்னொட்டு இல்லாமல், ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்காலோ சாலையோ கிடக்கும் இடத்தில் இன்னொரு மதிப்பு. ஆங்கிலத்தில் பண்ணையாளைக் குறித்த சொல் கதையின் வில்லனாக ஆனதும் இந்த வழியில்தான். பெயரிடும் அதிகாரம் பண்ணையாளிடம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

அப்படியென்றால் பெயர் மாற்றுவதே வீண் வேலையா என்று கேட்பார்கள். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அந்த நீண்ட பெயரும் ஒரு நாள் சுருங்கிப் புண்படுத்தும் என்று ஏளனம் செய்வதும் எளிது. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடு இல்லை. பெயரை மட்டும் மாற்றி நிலத்தை அப்படியே விட்டால் புதிய பெயரும் பழைய வழியில் போகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சொல் வசையாகிவிட்ட பிறகு அதையே அரசு முத்திரையோடு பட்டாவிலும் குடும்ப அட்டையிலும் அச்சிடுவது, வசையை அரசே வழிமொழிவதாகும். சொல்லை எடுப்பது அந்த வழிமொழிதலை நிறுத்துகிறது. அதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. அதற்குக் குறைவாகவும் செய்யாது.

இதைவிடக் கூரிய மறுப்பு வேறிடத்தில் இருந்து வரும். நாற்றம் என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தச் சாதியும் இல்லை, எந்த அரசாணையும் இல்லை, ஆனாலும் அது இழிந்ததே என்று கேட்கலாம். குறள் அரும்பில் அடங்கிய மணத்தை நாற்றம் என்கிறது. மதுரைக்குத் தென்மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள், கண்ணனின் வாய் எப்படி மணக்கும் என்று சங்கிடம் கேட்டபோது நாறுதல் என்ற வினையையே பயன்படுத்தினாள். இன்று ஒருவர் வாயைப் பற்றி அந்த வினையில் கேட்டால் நட்பு மிஞ்சாது. துர்நாற்றம் என்ற கூட்டுச்சொல் இடைப்பட்ட நிலையைக் காட்டும் தடயம். நாற்றம் நடுநிலையாக இருந்தபோதுதான் துர் என்று முன்னால் சேர்க்கத் தேவை இருந்தது. இன்று அந்த அடை இல்லாமலே நாற்றம் போதுமானது. சரி, அதைத் தள்ளியது எது? மணம், வாசம், வாசனை ஆகியவை பக்கத்தில் இருந்தன என்பது மட்டும் விடை ஆகாது. மணம் பழங்காலம் முதலே இருக்கிறது, அப்போது நாற்றம் கெடவில்லை. எனக்குப் பொருத்தமாகத் தெரிவது இது: நல்லதற்கும் கெட்டதற்கும் பொதுவான சொல்லைப் பாராட்டும்போது பயன்படுத்தினால், கேட்பவர் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து பேசுபவருக்கு இருக்கிறது. ஆபத்தில்லாத சொல் பக்கத்தில் கிடைத்ததும் பாராட்டுபவர் அங்கே நகர்ந்துவிடுவார். பழிப்பவருக்கு அப்படி நகரக் காரணமே இல்லை. நல்லவர்கள் நகர நகர, மிச்சத்தில் பழிப்பே நிறைகிறது. மலையாளத்திலும் நாற்றம் கெட்டது, ஆங்கிலத்தின் ஸ்டிங்க் என்ற வினையும் பழங்காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கிப் பிறகு கெட்டது. மூக்கைப் பற்றிய சொற்களில் இந்த ஆபத்து எல்லா மொழியிலும் கூடுதல். சேரியில் அதிகாரம் செய்ததை நாற்றத்தில் பேச்சு மரியாதை செய்தது. இரண்டிலும் போகக்கூடியவர்கள் போனார்கள் என்பதே பொது.

இந்தக் கணக்கு சரியென்றால் உயர்வு அரிதாகவும், பெரும்பாலும் யாரோ கைகொடுத்ததாகவும் இருக்க வேண்டும். கழகம் அப்படித்தான் இருக்கிறது. வள்ளுவர் சூது என்ற அதிகாரத்தில் கழகத்தை இருமுறை சொல்கிறார். இரண்டு இடத்திலும் அது சூதாடும் களம், அங்கே போனால் செல்வமும் பண்பும் கெடும். கம்பரிடம் அதே சொல் கலை பயிலும் இடமாகவும் வருகிறது. ஆக, கூடும் இடம் என்ற நடுநிலைப் பொருளில் இருந்து இரண்டு பக்கமும் போகக்கூடிய சொல்லாக அது இருந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது கழகம் என்று பெயர் வைக்கவில்லை. சங்கம் என்ற வடசொல்லே போதுமான பெருமை உடையதாக இருந்தது. அதற்குப் பிறகு தனித்தமிழ் இயக்கம் வந்தது. சங்கத்துக்கு மாற்றாகத் தமிழ்ச்சொல் தேடியவர்கள் கழகத்தின் சூதாட்டப் பக்கத்தை ஒதுக்கிவிட்டுக் கலைப் பக்கத்தை எடுத்தார்கள். 1920இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம், 1944இல் சேலத்தில் திராவிடர் கழகம், 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் என்று அது ஏறியது. சர்வகலாசாலை பல்கலைக்கழகம் ஆயிற்று. 1966இல் மதுரையில் தொடங்கிய பல்கலைக்கழகம் 1978இல் காமராசர் பெயரையும் ஏற்றது. வேண்டுமென்றே செய்ததை இயல்பான மாற்றத்தோடு சேர்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அக்ரகாரம் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள் மட்டும் தூக்கத்திலா செய்தார்கள்?

என் கணக்குக்கு முழுதாக அடங்காத ஒரு சொல்லையும் சொல்லிவிட வேண்டும். தொல்காப்பியம் அகப்பொருளின் தலைவனைக் கிழவன் என்றும் தலைவியைக் கிழத்தி என்றும் அழைக்கிறது. காதலிக்கும் வயதில் உள்ளவர்கள். உரிமை உடையவர் என்பதே அங்கே பொருள். குறளில் கிழவன் நிலத்துக்கு உரியவன். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில் கொடை பெற்ற முன்னோன் கொற்கை கிழான். குடும்பத்தில் உரிமையும் மூப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் பொருள் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்கு வழுக்கியிருக்கலாம். உரிமைப் பொருளை உடையவனும் சொந்தக்காரனும் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் கணக்குக்கு ஒத்துவருகிறது. ஆனால் அடைமொழித் தடயம் இங்கே கிடைக்கவில்லை. இழிவு எப்போது ஏறியது என்பதும் பிடிபடவில்லை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாதரைக் கிழவன் சேதுபதி என்றே நாடு அழைத்தது. முதுமையைக் குறித்த பெயர் அது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மதுரை நாயக்கரின் மேலாண்மையை உதறித் தனியாட்சி நடத்திய அரசனை யாரும் வசையாக அப்படி அழைத்திருக்க முடியாது. அதற்கும் இன்றைக்கும் இடையில் 300 ஆண்டுகளே. அந்த இடைவெளியில் முதியவர், பெரியவர், வயசாளி என்று மரியாதைச் சொற்கள் பெருகின. பெருகியது காரணமா, கிழவன் கெட்டதன் விளைவா என்பதை அடுத்த பகுதியில், சேதுபதிகளின் செப்பேடுகளையும் 19ஆம் நூற்றாண்டு அகராதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.